மோர் மிளகாய் முன்பதிவு: ரங்கூன் மாடிக் குறிப்புகள்

மார்ச் 2
இந்த வெயிலுக்கு மோர் மிளகாய் மட்டும்தான். வடகம் கேட்காதீர்கள், மாடியில் பாய் எட்டு, இரண்டுக்கும் இடம் இல்லை.

இரண்டு ஈடு போடுகிறோம், ஈட்டுக்கு 42 பை, பை 200 கிராம். பதிவு மார்ச் 10 இரவோடு முடிகிறது. பாதிப் பணம் முன்னால், மீதி பை கைக்கு வந்ததும். முதல் ஈடு மார்ச் கடைசியில், இரண்டாவது ஏப்ரல் 4 முதல் 7-க்குள் கிளம்பும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் எல்லாம் போய்விட வேண்டும். 13-ஆம் தேதி தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டால் தெருவில் எந்தப் பையும் நனையாமல் வீடு சேராது.

மார்ச் 5
31 பை ஆயிற்று. கல்யாணத்துக்கு 15 கேட்டவரிடம் பத்து என்றோம்.

மார்ச் 8
"இடம் இருந்தால் இன்னும் பத்து சேர்த்துப் போடக் கூடாதா?" இதையே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

நாலுக்கு ஆறடிப் பாயில் மிளகாய் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினால் மூன்று பர்மா வீசைதான் பிடிக்கும். எட்டுப் பாய்க்கு 24 வீசை. பச்சை மிளகாய் காய்ந்தால் நாலில் ஒரு பங்கு நிற்கும், அதுவும் உப்பும் தயிரும் உள்ளே ஏறியதால்தான். ஆக ஆறு வீசை, கிலோவில் 9.8. கணக்குப்படி 49 பை வரும். நாங்கள் 42 மட்டும் ஏற்கிறோம். அந்த ஏழு பை லாபம் இல்லை, கழிவுக்கு ஒதுக்கியது. ஒரு மேகமூட்டம் போதும், ஏழும் போய்விடும்.

நெருக்கிப் பரப்பினால் அதிகம் காயாது. அடியில் இருப்பது வெந்த மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான்.

மார்ச் 10
84. மூடியாயிற்று. அக்கா, தயவுசெய்து இனி கேட்காதீர்கள்.

மார்ச் 11
விடியற்காலை பஜார். விரல் நீளம், மெல்லிய தோல், காம்பு பச்சையாக இருப்பது. தடித்த தோல் பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு நாள் கூடுதலாகத் தின்னும். காம்பு கறுத்த கூடையைத் தொடவே இல்லை. அழுகல் அங்கேதான் தொடங்கும்.

கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, காம்பைப் பாதி வெட்டினோம். முழுதும் கிள்ளினால் ஓட்டை விழுந்து விதை கொட்டும். நுனியில் கீறுவதில்லை, ஊசியால் மூன்று குத்து. அதில் ஒன்று காம்படியில் விழ வேண்டும். காம்படிக்குள் இருக்கும் வெள்ளைச் சதைதான் கடைசியில் காயும். அங்கே உப்பு போகாவிட்டால் மற்ற இடமெல்லாம் காய்ந்தும் பயனில்லை.

வீசைக்கு ஒரு லிட்டர் தயிர், இரண்டு நாள் புளித்தது. அரை லிட்டர் தண்ணீர் விட்டுக் கடைந்தோம். உப்பு எடையில் பத்துக்கு ஒன்று, அதாவது வீசைக்கு 160 கிராம். கொஞ்சம் மஞ்சள். மண்பானையில் போட்டுத் தட்டால் அழுத்தி, மேலே கல். மிதக்கிற மிளகாய் ஊறாது.

மார்ச் 12
காலையும் மாலையும் கிளறினோம். வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 13
பச்சை மங்கி ஆலிவ் நிறம். மோரை வடித்து, மிளகாயைப் பாய்க்கு ஏற்றினோம். காலை எட்டரைக்கு முன் விரிப்பதில்லை. பாயில் பனி ஈரம் இருக்கும், உப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். மாலை நாலரைக்கு எடுத்துத் திரும்ப அதே மோரில். மூன்று நாள் இப்படி.

மார்ச் 15
மோர் முழுதும் ஏறிவிட்டது. பானையில் ஒரு கரண்டி தேறாது.

மார்ச் 16
இன்றிலிருந்து வெயில் மட்டும். மாலை எடை 12 வீசை.

மார்ச் 17
மேகம். காலையிலிருந்து ஒரு கீற்றுக்கூட வெயில் இல்லை. மோர் தீர்ந்துவிட்டதால் திரும்ப ஊறப்போடவும் வழியில்லை. இந்த நிலையில்தான் பலர் மூட்டையாகக் கட்டி உள்ளே வைக்கிறார்கள். ராத்திரியில் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும். பாயோடு வீட்டுக்குள் இறக்கி மின்விசிறி போட்டோம். மதியம் கரண்ட் போயிற்று. நல்ல நேரம் பார்த்துத்தான் போகும்.

மார்ச் 18
மேகமே. காம்படி, காம்படி. நூறு மிளகாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆறில் காம்பைச் சுற்றி வெள்ளை, பஞ்சு மாதிரி. உப்புப் பூத்தது வேறு, பூஞ்சை வேறு. உப்பு நெருடும், விரலில் நாக்கு வைத்தால் கரையும். பூஞ்சை விரலில் ஈஷும், மண்வாடை அடிக்கும்.

துடைத்துக் காயவைத்தால் போய்விடும் என்பார்கள். கண்ணுக்குத் தெரிவதுதான் போகும். வெள்ளை கண்டது, வழுவழுப்பது, ஒட்டிக்கொண்டு கிடந்தது எல்லாம் குப்பைக்கு. முக்கால் வீசை. ஏழு பையில் ஒரு பகுதி போயிற்று.

மார்ச் 19
வெயில்! மதியம் மாடித் தளத்தில் கால் வைக்க முடியவில்லை.

மார்ச் 20
ஆறே கால் வீசை.

மார்ச் 21
ஐந்தே முக்கால். உள்ளே விதை சலசலக்கிறது. இதைக் கேட்டே பை போட்டுவிடுபவர்கள் உண்டு. விதை முதலில் காயும், காம்படி கடைசியில்.

மார்ச் 22
ஐந்தரை. மாலை இரண்டாம் ஈட்டுக்கு மிளகாய் ஊறப்போட்டோம்.

மார்ச் 23
ஐந்தரை. இரண்டு மாலை ஒரே எடை, இனி போக ஈரம் இல்லை. காம்பை வளைத்தால் மடங்காமல் டக்கென்று ஒடிகிறது. இரவு முழுக்க வெள்ளைத் துணி மூடி வீட்டுக்குள் ஆறவிட்டோம். சூட்டோடு பை போட்டால் உள்ளே வியர்க்கும்.

மார்ச் 24
பைக்கு முன் ஒரு சோதனை. பத்து மிளகாயை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தோம். உள்பக்கம் மங்கல் தட்டினாலே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தட்டவில்லை. இன்னும் அரை மணி வைத்தேன். தட்டவில்லை.

44 பை. கரண்ட் இல்லாததால் மெழுகுவர்த்தி நெருப்பில் வாயை ஒட்டினோம், கடலைப் பொட்டலம் ஒட்டுவதுபோல. ஒட்டியதை அமுக்கிக் காற்று கசிகிறதா பார்த்து, இரண்டாவது பையில் போட்டோம். உப்புச் சரக்குக்கு இது அவசியம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானே தண்ணீர் இழுக்கும், மழைக்காலத்தில் ரங்கூன் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். பையைப் பிரித்ததும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள்.

மார்ச் 27
பெகு, தட்டோன், மோல்மேன் பைகள் அவுங் மிங்கலா கேட்டில் பஸ்ஸுக்கு ஏற்றியாயிற்று. சிரியத்துக்குக் கையோடு. அட்டைப்பெட்டியில் மிளகாயை அடியில் வைத்து மேலே கனம் ஏற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். நொறுங்கினால் விதை தனி, தோல் தனி.

இரண்டாம் ஈடு இன்று முதல் வெயில் மட்டும்.

மார்ச் 30
மோல்மேன் அக்கா: "எண்ணெயில் போட்டால் வெடிக்குமா?" வெடித்தால் ஈரம் இருக்கிறது, உடனே சொல்லுங்கள். மிதமான சூட்டில் காபிப்பொடி நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கறுத்தால் கசக்கும்.

வெடிக்கவில்லையாம்.

ஏப்ரல் 1
எடை நேற்றும் இன்றும் ஆறு வீசை. மேகமே இல்லை, கழிவு ஒரு கைப்பிடி.

ஏப்ரல் 2
49 பை. மிச்சம் ஏழும், போன ஈட்டு இரண்டும். முதலில் கேட்டு, நாங்கள் இல்லையென்று சொல்லி அனுப்பியவர்களுக்கு, கேட்ட வரிசைப்படி. கல்யாணக்காரருக்கு ஐந்து.

ஏப்ரல் 6
கேட்டில் ஊருக்குப் போகிற கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. சரக்கு அடுத்த பஸ் என்கிறார்கள். மோல்மேன் பெட்டி ஒன்று நிற்கிறது.

ஏப்ரல் 7
ஏறிவிட்டது. மேலே தார்ப்பாய் போட்டார்களா என்று தெரியவில்லை, மாலை மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.