படர்தாமரை என்று நம்பி இழந்த ஆறு வாரங்கள்

இரு தொடை இடுக்குகளிலும் பழுப்பு நிறத்தில் ஒரு படை. பார்த்தவுடன் படர்தாமரை என்று நானே முடிவு கட்டி, மருந்துக்கடையில் டெர்பினாஃபின் களிம்பு வாங்கி ஆறு வாரம் விடாமல் தடவினேன். படை அசையவில்லை. போதாததற்கு அக்குளிலும் அதே நிறம் தென்பட்டது.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது, "அரிக்கிறதா?" என்றுதான். யோசித்துப் பார்த்தால், வியர்க்கும்போது லேசான உறுத்தல், அவ்வளவே. படர்தாமரை என்றால் அரிப்பு பாடாய்ப்படுத்தும் என்றார். அதன் விளிம்பு சற்று மேடாகச் சிவந்து செதில் விடும், நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். என் படையிலோ விளிம்பும் நடுவும் ஒரே நிறம். மேலே மெல்லிய சுருக்கங்களும் பொடிச் செதிலும் மட்டுமே. செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் பார்த்தார். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சையின் இழைகள் இல்லை.

பிறகு அறையை இருட்டாக்கி, புற ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கை அடித்தார். ஒன்றும் ஒளிரவில்லை! "குளித்துவிட்டு வந்தீர்களா?" என்றார். மருத்துவரிடம் போகிறோமே என்று சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்திருந்தேன். அவர் சந்தேகித்தது பூஞ்சையை அல்ல, ஒரு பாக்டீரியாவை. அது உண்டாக்கும் போர்ஃபிரின் என்ற நிறமிதான் இந்த விளக்கில் ஒளிர்கிறது. அந்த நிறமி நீரில் கழுவிப் போய்விடுமாம். மறுநாள் குளிக்காமல் போனேன். இடுக்கு பவளச் சிவப்பில் ஒளிர்ந்தது. கேட்காமலே கால் விரலிடுக்கிலும் விளக்கைக் காட்டினார். அங்கும் அதே சிவப்பு. நோயின் பெயர் எரித்ராஸ்மா. கோரினிபாக்டீரியம் மினுட்டிசிமம் என்ற பாக்டீரியாவால் வருவது. டெர்பினாஃபின் பூஞ்சைக்கான மருந்து, அதனால்தான் பலிக்கவில்லை. க்ளோட்ரிமசோல் போன்ற சில களிம்புகள் இரண்டையும் ஓரளவு அடக்குமாம். ஒருவேளை அதைத் தடவியிருந்தால், கொஞ்சம் குறைந்ததைப் பார்த்துப் படர்தாமரையேதான் என்று சாதித்திருப்பேன்.

பரவலாக இருந்தால் எரித்ரோமைசின் மாத்திரை, 250 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு வேளை, 14 நாள் தருவதுண்டு என்றார். ஆனால் நான் கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன்; இரண்டும் சேர்ந்தால் தசை சிதையும் ஆபத்து உண்டு. அதைச் சொன்னதும் மாத்திரை யோசனையைக் கைவிட்டு, 1 சதவீத க்ளிண்டாமைசின் லோஷனைக் காலையும் இரவும் இரண்டு வாரம் தடவச் சொன்னார். விரலிடுக்கை விட்டுவிட்டால் அங்கிருந்தே திரும்பி வரும் என்று எச்சரித்தார்.

தோலைத் துடைத்து ஈரம் உலர்ந்த பிறகே தடவினேன். பத்தாம் நாளில் செதில் நின்றது. பழுப்பு மட்டும் போகவில்லை; மருந்து தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டு வாரம் முடிந்து, இம்முறையும் குளிக்காமல் போய் விளக்கின் கீழ் நின்றேன். எங்கும் சிவப்பு இல்லை. மிச்சமிருந்தது வெறும் கறை. அது மங்க மேலும் இரண்டு மாதமாயிற்று.