குளத்து நீரின் வெப்பநிலை: ஒரு சென்சாரின் நாட்குறிப்பு

மார்ச் 4

லாகர் தயார். ஆர்டுயினோ, மெமரி கார்டு, நேரத்துக்கு DS3231, தண்ணீருக்குள் இறக்க எஃகு உறை போட்ட DS18B20. மீன்குஞ்சுக் குளத்தில் நீர் முழங்கால் ஆழம்தான். ஒவ்வொரு நாளும் அது எட்டும் உச்ச வெப்பநிலைதான் ஆய்வுக்கு வேண்டும்.

எத்தனை நேரத்துக்கு ஒரு முறை அளப்பது? அதற்கு முன் சென்சாரின் வேகம் தெரிய வேண்டும். ஐஸ் தண்ணீரில் குளிர வைத்து, வாளித் தண்ணீருக்கு மாற்றி, வித்தியாசத்தில் 63 சதவீதத்தைக் கடக்க ஆகும் நேரத்தைப் பார்த்தேன். கலக்கிய நீரில் 12 வினாடி, அசையாத நீரில் 25. அப்படியானால் குளத்தில் வினாடிக்கு ஒரு முறை அளப்பதில் புதிதாக எதுவும் கிடைக்காது. இதே சோதனையைக் காற்றில் செய்தால் பல மடங்கு நேரம் ஆகும், அதனால் சென்சார் எங்கே இருக்கப்போகிறதோ அங்கேதான் சோதிக்க வேண்டும்.

மார்ச் 7

முன்னோட்டமாகக் குளத்தில் 10 வினாடிக்கு ஒரு முறை பதிய விட்டிருந்தேன். அந்தத் தரவிலிருந்தே மற்ற இடைவெளிகளை உருவாக்கிப் பார்க்கலாம்: ஒரு மணிக்கு ஒரு வாசிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் உச்சம் என்னவாகும்?

முழுத் தரவில் நேற்றைய உச்சம் 34.1 டிகிரி. மணிக்கு ஒன்று என்றால் 33.5. தொடக்க நிமிடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் இந்த எண்ணும் மாறுகிறது. மேகம் விலகிய இடைவெளியில் நீர் சட்டென்று சூடாகி இறங்கியதை மணிவாசிப்பு பார்க்கவே இல்லை. அரை மணி இடைவெளியில் குறைவு 0.3. நிமிடத்துக்கு ஒன்று எடுத்தால் முழுத் தரவோடு 0.03 டிகிரிக்குள் ஒத்துப்போகிறது.

எனவே நிமிடத்துக்கு ஒன்று. மெமரி கார்டுக்கு இது சுமையே இல்லை. பேட்டரிக்காக, நடுவில் போர்டு தூங்கும். உச்சம் என்று ஒற்றை வாசிப்பை எடுக்கப்போவதில்லை, 5 நிமிடச் சராசரிகளில் பெரியதை எடுப்பேன். மின்சாரம் விட்டு வந்தால் இந்த சென்சார் முதலில் 85 டிகிரி என்று காட்டும். அந்த வாசிப்பு சராசரிக்குள் நுழையாமல் நிரலே விலக்கிவிடும்.

மார்ச் 12

அளவுத்திருத்தம். தரவுத்தாளில் ±0.5 டிகிரி என்று இருக்கிறது. அது அந்த வகைச் சென்சார்கள் எல்லாவற்றுக்கும் தரும் எல்லை, என் கையில் இருக்கும் இந்த ஒன்றின் பிழை இல்லை. வாசிப்பு 0.0625 டிகிரிப் படிகளில் வருவதையும் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சான்றிதழ் உள்ள வெப்பமானியின் முனையோடு சென்சாரின் முனையைச் சேர்த்துக் கட்டி, தெர்மாஸ் குடுவை நீரில் கலக்கிக்கொண்டே அளந்தேன். நீர் நிமிடத்துக்கு 0.02 டிகிரிக்கு மேல் மாறாதபோது மட்டும் பல வாசிப்புகளின் சராசரியைக் குறித்தேன். மாற்றம் அதைவிட வேகமாக இருந்தால் இரண்டில் எது பின்தங்குகிறது என்பதைத்தான் அளந்துகொண்டிருப்போம்.

20 டிகிரியில் சென்சார் 0.29 அதிகம் காட்டியது. 25-இல் 0.31, 30-இல் 0.34, 35-இல் 0.36. சூடு ஏற ஏறப் பிழையும் ஏறுகிறது, ஆகவே ஒரே எண்ணைக் கழித்தால் போதாது:

```
T = (t - 0.193) / 1.0048;
```

கொதிநீரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும். அதோடு, குளம் ஒருநாளும் போகாத இடத்தில் திருத்தி என்ன பயன்?

மார்ச் 13

வடிநீரில் செய்த ஐஸை நொறுக்கி, அதே வடிநீர் விட்டுச் சேறு மாதிரி ஆக்கி, சென்சாரை நடுவில் செருகினேன். 0.1875, அதாவது மூன்று படி. சமன்பாடு சொல்வது 0.193. நேற்றைய அளவீட்டில் சேராத ஒரு புள்ளி அதோடு ஒத்துப்போனதில் பெரிய நிம்மதி.

அனலாக் சென்சாராக இருந்தால் போர்டையும் சேர்த்தே திருத்த வேண்டும். இதில் எண்ணாக மாற்றும் வேலை சென்சாருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, அதனால் திருத்தம் சென்சாரோடு போகும். அதன் 64 பிட் அடையாள எண்ணைச் சமன்பாட்டோடு சேர்த்து எழுதி வைத்தேன்.

மே 20

குளத்திலிருந்து எடுத்தாயிற்று. மறுபடி ஐஸ் சோதனை: 0.25. ஒரு படி நகர்ந்திருக்கிறது. அதை விலக்கலாகக் கழிக்க மாட்டேன், நிச்சயமின்மையில் சேர்ப்பேன்.

மே 22

முறைகள் பகுதிக்கான கணக்கு. சான்றிதழ் வெப்பமானி தருவது 0.05, திரும்ப அளந்தபோது வந்த சிதறல் 0.04, குடுவை நீரின் சீரின்மை 0.03, நகர்வை √3-ஆல் வகுத்தால் 0.035, படி அளவை √12-ஆல் வகுத்தால் 0.02. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.08. இரண்டால் பெருக்கினால் 0.16, மேல்நோக்கி முழுமையாக்கி 0.2.

சரி, எழுதியது இது:

“நீர் வெப்பநிலை DS18B20 சென்சாரால் நிமிடத்துக்கு ஒரு முறை பதியப்பட்டது. சென்சார் 20 முதல் 35 டிகிரி வரை நான்கு புள்ளிகளில் சான்றளிக்கப்பட்ட வெப்பமானியுடன் ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது. பனி நிலை முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டது, நகர்வு 0.06 டிகிரி. திருத்தியபின் விரிந்த நிச்சயமின்மை ±0.2 டிகிரி (k = 2). நாளின் உச்சம் என்பது 5 நிமிடச் சராசரிகளில் மிகப் பெரியது. முன்னோட்டத்தில், நிமிட இடைவெளியால் உச்சத்தில் வந்த வேறுபாடு 0.03 டிகிரிக்குள் இருந்தது.”

கடைசி வாக்கியத்தை ±0.2-க்குள் கரைக்காமல் தனியாகவே விட்டிருக்கிறேன். மணிக்கு ஒரு முறை அளந்திருந்தால் அங்கே 0.6 என்று வந்திருக்கும், அதை எந்த அளவுத்திருத்தமும் காட்டியிருக்காது.