டைரக்டர் பதவி போனாலும் போகாத கேரண்டி

சென்னையில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய பிரைவேட் லிமிடெட் கம்பெனியிலிருந்து நான் விலகியபோது, பங்குகளை மாற்றுவதும் ராஜினாமாவைப் பதிவு செய்வதும் பெரிய வேலையாக இல்லை. இழுத்தடித்தது, ஆபீஸ் லீஸுக்கு நாங்கள் மூவரும் போட்டிருந்த பர்சனல் கேரண்டிதான். ராஜினாமா எனக்கும் கம்பெனிக்கும் இடையிலானது. கேரண்டியோ பில்டிங் ஓனருக்கு நான் தனி ஆளாகக் கொடுத்த வாக்கு. அவர் விடுவிக்காமல் அது போகாது.

வக்கீல் முதலில் தொகையைக் கணக்குப் போட்டார். இடையில் காலி செய்யக் கூடாத காலமான லாக்-இன் முடிய 14 மாதம் இருந்தது. மாத வாடகை 1.5 லட்சம் என்றால் 21 லட்சம். அதற்கு மேல் ஜிஎஸ்டி, பராமரிப்புக் கட்டணம், காலி செய்யும்போது சுவர், தரையைச் சரிசெய்து கொடுக்கும் செலவு. ஓனரிடம் இருந்த அட்வான்ஸ் 9 லட்சம்தான். என் பங்கு மூன்றில் ஒன்றுதானே என்று கேட்டேன். பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்றிருந்தது. முழுத்தொகையையும் ஓனர் என் ஒருவனிடமே கேட்கலாம் என்றார் வக்கீல். ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி கடனாளிக்குள்ள பொறுப்பு அப்படியே ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கம்பெனியைத் துரத்திவிட்டு வா என்று ஓனரிடம் சொல்ல முடியாது.

ஆனால் வாடகையில் 21 லட்சம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. கம்பெனி பாதியில் காலி செய்தால், ஓனருக்குக் கிடைப்பது 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடு. இரண்டு மாதத்தில் வேறு ஆள் வந்துவிட்டால் மீதி 12 மாத வாடகையை முழுசாகக் கேட்பது கடினம்.

எனக்குத் தெரியாமல் வாடகையை மாற்றினால் கேரண்டி போய்விடுமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். 133ஆம் பிரிவு, மாற்றத்துக்குப் பிந்தைய பொறுப்பிலிருந்து விடுவிக்கிறதுதான். எங்கள் பத்திரத்திலோ அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. இப்படி ஒரு வரி பல பத்திரங்களில் இருக்கும். லீஸ் நீட்டிக்கப்பட்டாலும் கேரண்டி தொடரும் என்று இன்னொரு வரி. என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

என் பங்கை வாங்கியவர், நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவதாக எழுதித் தர முன்வந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் அது ஓனரைக் கட்டுப்படுத்தாது. நான் கட்டிவிட்டு அப்புறம் அவரிடம் கேட்க வேண்டும்.

ஓனர் முதலில் மறுத்தார். மூன்று பேர் இருந்த இடத்தில் இரண்டு பேரை அவர் ஏன் ஏற்க வேண்டும்? சரி, புதிதாக வந்தவர் எனக்குப் பதிலாகக் கேரண்டி போடுவார், அட்வான்ஸில் ஒரு மாத வாடகை கூடுதலாக வைக்கப்படும் என்று பேசி முடித்தோம். விடுவிப்புப் பத்திரத்தில் ஓனர், கம்பெனி, பழைய, புதிய ஜாமீன்தாரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். மற்ற இருவரும் கையெழுத்திட்டால்தான், என்னை விடுவித்ததைச் சொல்லி அவர்கள் பிறகு சிக்கல் பண்ண மாட்டார்கள்.

விலகிய தேதி வரையிலான பாக்கிக்கு என் பொறுப்பு தொடரும் என்று ஓனர் எழுதச் சொன்னார். ஒப்புக்கொண்டேன், கூடவே அந்தத் தேதிக்கு வாடகை, மின்கட்டணம், பராமரிப்பு எதிலும் பாக்கி இல்லை என்று அவரிடம் தனிக் கடிதம் வாங்கினேன்.