கேரியரில் போகும் பத்தியம்

காரைக்குடியில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறேன் என்று சொன்னால், "இதையெல்லாமா காசு கொடுத்து வாங்குறாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாங்குகிறார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது இங்கே இன்னும் மாறவில்லை. மாறியது தாய்வீடுதான். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய பெரிய வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். முட்டுவலியோடு அந்த ஆச்சி மூன்று வேளையும் தனிச் சமையல் செய்து, நடுவில் பேரப்பிள்ளையையும் தூக்க முடியாது.

இதே தொழிலைத் தொடங்கும் எண்ணத்தில் என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லோரும் சமையல் குறிப்புதான் கேட்கிறார்கள். சமையல் பிறகு. முதல் சிக்கல் தேதி. டாக்டர் குறித்துக் கொடுத்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். ஒரு மாதத்தில் பத்துப் பேர் சொல்லி வைத்திருந்தால், அதில் ஐந்து பிரசவம் ஒரே வாரத்தில் வந்து விழும், அடுத்த வாரம் அடுப்பு சும்மா கிடக்கும். அதனால் ஒரே நேரத்தில் எட்டு வீடு, அதற்கு மேல் கிடையாது. 40 நாளுக்கு மொத்தமாகப் பணம் வாங்குவதும் இல்லை. 15 நாள் 15 நாளாகத்தான். வீட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் நாள் கணக்கு ஓடும். குழந்தையை இன்குபேட்டரில் வைத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. அதைவிட மோசமான செய்தி வரும் வீடும் உண்டு. அங்கே காரணம் எதுவும் கேட்காமல் முன்பணம் முழுவதையும் அன்றே திருப்பி அனுப்பிவிடுவோம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்களோ அதுதான் முதலில். அப்புறம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, மிளகு ரசம், அவரைப் பிஞ்சு, கத்தரிப் பிஞ்சு. வயிறு இளகிய பிறகு பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அசைவ வீட்டுக்கு ஈரல். ஆச்சிமார்களோடு பெரிய வழக்கே பால் சுறாவில்தான். "சுறாப் புட்டு இல்லாம என்னம்மா பத்தியம்? பால் எப்படி ஊறும்?" என்பார்கள். சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். அவற்றில் இருக்கும் பாதரசம் எல்லாம் இதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். பால் கொடுக்கிறவர்கள் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறாவும் ஒன்று. குட்டிச் சுறாவில் குறைவாக இருக்கலாம், ஆனால் சந்தையில் துண்டு போட்டு விற்பது குட்டியா பெரியதா என்று யார் பார்ப்பது? நான் மத்தி வாங்கி அவித்து, முள் எடுத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அதே புட்டுப் பக்குவத்தில் கொடுக்கிறேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே சுறா வாங்கிச் செய்துகொள்கிறார்கள்.

கேரியர் திரும்பி வரும்போது கழுவப் போடுமுன் நான் திறந்து பார்ப்பேன். எது மிஞ்சியது என்று பார்த்தால் அந்த வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு வீடு. ஒன்பதாம் நாளிலிருந்து மதியச் சோறு பாதிக்குப் பாதி திரும்பியது. இரண்டு நாள் பொறுத்தேன். அதற்குள் ஆச்சியே போன் போட்டார்.

"பால் பத்தலைம்மா. பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு. பூண்டைக் கூட்டிப் போடு."

"ஆச்சி, பிள்ளை நாளைக்கு எத்தனை துணி நனைக்குது?"

"அது இருக்கும், ஏழெட்டு."

முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் நன்றாக மூத்திரம் போனால் பெரும்பாலும் பால் போகிறது என்று பொருள். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்பது இன்னொரு அடையாளம். அந்தக் குழந்தை நிறுத்துப் பார்த்ததிலும் தேறியிருந்தது. அழுகைக்குப் பசி மட்டுமா காரணம்? பெண்ணிடம் தனியாகப் பேசினேன். வெளிக்குப் போய் நான்கு நாள் ஆகிறதாம். குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று நாளெல்லாம் இரண்டு டம்ளர் தண்ணீர்தான். இதில் இரும்புச் சத்து மாத்திரை வேறு, அதை விழுங்கியவுடன் ஒரு டம்ளர் பூண்டுப் பால். மாத்திரைக்கு மலச்சிக்கல் பழக்கமான பக்கவிளைவு. பால் சேர்ந்தால் இரும்பும் உடம்பில் சரியாக ஒட்டாது.

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று ஆச்சியிடம் நேரடியாகச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீரை ஒரு லிட்டர் பிளாஸ்கில் காலையிலும் மதியமும் கேரியரோடு அனுப்பினேன். "பத்தியத் தண்ணி, அடுத்த கேரியர் வர்றதுக்குள்ள காலியாகணும்" என்றேன். ஆச்சியே பக்கத்தில் நின்று குடிக்கவைத்தார். ஊறிய உலர்திராட்சையும் கீரையும் கூடின. பூண்டுப் பாலை ராத்திரிக்குத் தள்ளி, மாத்திரையை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவர்கள் டாக்டரிடம் கேட்கச் சொன்னேன், அவர் சரி என்றார். மலச்சிக்கல் விட்டது, பசி எடுத்தது, அந்த வாரக் கடைசியில் கேரியர் காலியாக வந்தது. பூண்டு எப்போதும் போடும் அளவுதான்.

இதனால்தான் என் நோட்டீசில் 'பால் சுரக்கும் உணவு' என்று அச்சடிப்பதில்லை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். நான் விற்பது அந்தச் சாப்பாட்டைத்தான். லேகியமும் கிண்டுவதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் சாப்பாட்டுக்குத்தான். மருந்து என்று சொல்லி விற்றால் அதற்கான உரிமம் வேறு.

ராத்திரிச் சாப்பாடு வெகுநாள் தலைவலி. மதியமே சேர்த்து அனுப்பினால், நம் ஊர் வெயிலில் எட்டு மணி நேரம் கிடந்த சோற்றைப் பிள்ளை பெற்றவள் சாப்பிடுவாள். சூடுபடுத்தினாலும் சோற்றில் உண்டாகும் நஞ்சு முழுதாகப் போகாது. மூன்றாவது தடவை வண்டி அனுப்பவும் கட்டாது, ஒரு வீட்டுக்காகக் கானாடுகாத்தான் வரை போய்வந்தால் அன்றைய லாபம் பெட்ரோலில் போய்விடும். ஆகவே இடியாப்ப மாவு, பருப்புப்பொடி, சிறு பாட்டிலில் நல்லெண்ணெய் அனுப்புகிறோம். வெந்நீர் ஊற்றிப் பிசைந்து பிழிந்து அவிப்பது அந்த வீட்டின் வேலை. முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

குளிப்பாட்டும் ஆளும் கேட்கிறார்கள். அனுப்புகிறோம். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக்கூடாது, மூக்கை ஊதக்கூடாது, தொப்புளில் எதுவும் வைக்கக்கூடாது என்று ஒப்புக்கொண்டவர்களை மட்டும்.

அடுத்தது பரிசுப் பெட்டி. வளைகாப்புக்கு வாங்கிக் கொடுக்க மதுரையிலும் திருச்சியிலும் நன்றாகப் போகிறது. நானும் பருத்தித் துணி, சின்னப் போர்வை, துவட்டும் துண்டு வைத்து ஒன்று போட்டிருக்கிறேன். மொத்த வியாபாரி பால் பாட்டிலும் சேருங்கள், பெட்டி நிறைந்தமாதிரி தெரியும் என்கிறார். தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடர், பால் பாட்டில், குழந்தை உணவு இவற்றுக்கு விளம்பரம் செய்வதையும் இவற்றை இலவசமாகவோ பரிசாகவோ கொடுத்து ஆசை காட்டுவதையும் 1992-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது, 2003-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அவரிடம் சொன்னேன். "எல்லாரும்தானே வைக்கிறாங்க?" என்றார். மாதிரிக்கு என்று வைத்துவிட்டுப் போன பாட்டில்களை அடுத்த முறை சரக்கு இறக்க வந்தபோது அவர் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன்.