மெட்ரிக் மாதத்தில் மகளின் நாடியை எண்ணிய அனுபவம்

ஜனவரி இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலம். மகள் டியூஷன் முடிந்து வந்தாள். நாங்கள் இருப்பது ரங்கூன் டவுன்டவுனில் ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தது, எடுத்து விரலில் மாட்டினேன். ஆக்சிஜன் 98. அதன் கீழே PRbpm என்று இருக்குமே, அதில் நாடி 118. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 108. அவளுக்கு 17 வயது, மெட்ரிக் எழுத இரண்டே மாதம் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் நான் செய்த முதல் காரியம் தப்பானது. தெருமுனை மருந்துக்கடையில் விஷயத்தைச் சொன்னேன், நாடியைக் குறைக்கும் மாத்திரை என்று ப்ரோப்ரனாலால் ஒரு அட்டை கொடுத்தார்கள். நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போனோம். அட்டையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இவளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததா?" இருந்தது, எட்டு வயது வரைக்கும் மழைக்காலம் வந்தால் நெபுலைசர்தான். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிவிடும், அதோடு நாடி ஏன் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கும் முன்பே எண்ணிக்கையை அமுக்கிவிட்டால் காரணம் மறைந்துபோகும் என்றார். அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கிளினிக்கில் அவள் நாடி 116. டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்து, பயத்தோடு உள்ளே வந்த பிள்ளைக்கு 116 இருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாதாம். ஓய்வு நாடி என்றால் ஓய்வில் எடுத்த நாடி, மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எடுத்தது ஓய்வு இல்லை. இந்த வயதில் விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை சாதாரணம், தினமும் ஓடும் பிள்ளைகளுக்கு 50க்குப் பக்கத்தில்கூட இருக்கும். கைக்குழந்தைக்கு 120க்கு மேல் அடிப்பது வளர வளரக் குறைந்து, பதின்வயதின் கடைசியில் 70களுக்கு வந்து நிற்கும், பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைவிட நாலைந்து கூடுதலாக இருக்கலாம். இதயம் பெரிதாகி ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளுவதால், குறைவாகத் துடித்தாலே போதும் என்பதுதான் காரணம்.

இசிஜி எடுத்தார்கள், தாளம் சரியாக இருந்தது, வேகம் மட்டும்தான் அதிகம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.6, தைராய்டும் சரி. ரத்தசோகை இருந்தால் இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கும், மாதவிலக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான் என்று சொல்லித்தான் எடுத்தார். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். மருந்து எதுவும் எழுதவில்லை.

நோட்டில் எழுத வேண்டியது இரண்டே இரண்டு. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், படுத்தபடியே எடுத்த நாடி. முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பது. நாடியை எண்ணும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில், நம் ஆள்காட்டி விரலும் நடு விரலும் வைத்துப் பார்க்க வேண்டும். நம் கட்டை விரலை வைத்தால் அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது, யாருடையதை எண்ணுகிறோம் என்று தெரியாது. முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு துடிப்பு தவறினாலே நாலு மாறிவிடும், எங்கள் நோட்டில் நாலு என்பது பெரிய வித்தியாசம்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பயம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அப்புறம் மெதுவாகிறது, மறுபடி வேகம். ஏதோ தாளம் தப்புகிறது என்று நினைத்து உடனே போன் போட்டேன். "மூச்சை இழுக்கும்போது வேகமாகி, விடும்போது மெதுவாகிறதா என்று பாருங்கள்" என்றார் டாக்டரம்மா. பார்த்தால் அப்படியேதான். கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது துடிப்பு சீரானது. இளம் வயதில் இது நன்றாகவே தெரியுமாம், நோய் இல்லை.

பத்து நாள் ஆனதும் நோட்டே பேச ஆரம்பித்தது. சில வரிகளை அப்படியே எழுதுகிறேன்: செவ்வாய், நாலரை மணி நேரத் தூக்கம், 88. புதன், ஐந்து மணி நேரம், 86. வெள்ளி, நாலு மணி நேரம், ராத்திரி கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை, 90. ஞாயிறு, எட்டு மணி நேரம், 77. இரண்டு வாரத்திலும் 80க்குக் கீழே வந்தது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான். இங்கே மெட்ரிக் பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணுவது ஊருக்கே பழக்கம், ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் படுப்பதும் கிடையாது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும்.

தூக்கம் குறைந்தால் ஏன் நாடி ஏறுகிறது என்று கேட்டேன். நாம் தூங்கும்போது உடம்பில் வேகமாக்கும் நரம்பு அடங்கி, மெதுவாக்கும் நரம்பு வேலை செய்கிறது, நாடி இறங்குகிறது, ராத்திரி முழுக்க இதயத்துக்கு அதுதான் ஓய்வு. தூக்கத்தைப் பாதியில் வெட்டினால் வேகமாக்கும் நரம்பு அடங்காமலே காலை வந்துவிடுகிறது. அதன் மேல் உஷ்ணம். ஃபேன் நின்ற இரவில் உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டும், வியர்வையில் தண்ணீரும் போய்விடுகிறது, அதனால் தூங்குகிறவளுடைய நாடிகூட இறங்க மாட்டேன் என்கிறது. அதற்கு மேல் காபி மிக்ஸ். ஒரு நாளைக்கு நாலு பாக்கெட் குடிக்கிறாள் என்பது நோட்டு எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது, கடைசிப் பாக்கெட் ராத்திரி ஒன்பது மணிக்கு. ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி காஃபீன் உடம்பில் இருக்கும், அதாவது இரண்டு மணிக்கு அவள் படுக்கையில் புரளும்போது அரை பாக்கெட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் உதவிய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பதற்றத்தால் ஏறும் நாடியா, வேறு நோயால் ஏறும் நாடியா என்று எப்படித் தெரியும்? அவள் அசந்து தூங்கும்போது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டரை மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், விழித்துவிடப் போகிறாளே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். 64. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் தூக்கத்திலும் வேகம் இறங்காமல் நிற்குமாம். அந்த 64ஐப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே மனசு ஆறியது, இசிஜி தாள் தராத நிம்மதியை அது தந்தது.

பிப்ரவரியில் கடைசிக் காபி மத்தியானம் ஒரு மணிக்கு என்று மாற்றினோம். படுக்கும் நேரம் பதினொன்று, எழுவது ஐந்தரை. முதலில் சண்டைதான், "எல்லாரும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாங்க அம்மா" என்று அழுதாள். ஆனால் ஒரு வாரத்தில் காலை நாடி 80, 81க்கு வந்தது, அவளே நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் அலாரத்தை மாற்றாமல் விட்டாள்.

மார்ச்சில் பரீட்சை வாரம். ஆறரை மணி நேரம் தூங்கியும் படுத்தபடியே 91, கணக்குப் பரீட்சை அன்று 94, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் உட்கார்ந்திருக்கும்போது 112. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. நடக்கப்போவதை நினைத்த மாத்திரத்திலேயே அட்ரினலின் சுரக்கிறது, உடம்பு ஓடத் தயாராகிறது. அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பரீட்சை எழுதித் திரும்பியதும் அரை மணியில் 90க்கு வந்துவிடும்.

நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று 180, 200 என்று எண்ண முடியாத வேகத்தில் அடித்து, அதே மாதிரி திடீரென்று நின்றால் அது பதற்றம் இல்லை, அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதே இசிஜி எடுக்க வேண்டும். ஓடும்போது மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலி வந்தாலும், குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலும் காத்திருக்கக் கூடாது. நன்றாகத் தூங்கிய காலைகளில் தொடர்ந்து 100க்கு மேல் இருந்தாலும் திரும்ப வர வேண்டும்.

இதற்கு நடுவில் என் மகனும் சேர்ந்துகொண்டான். 14 வயது, ஒரு வருஷத்தில் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டான், பள்ளியில் காலை அசெம்பிளியில் நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்றான். அவனைப் பத்து நிமிஷம் படுக்கவைத்து எண்ணினேன், 68. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்து எண்ணினேன், 100. ஐந்தாவது நிமிஷத்தில் 96. 32 ஏறுகிறதே என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். நின்றதும் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், கால் ரத்தக்குழாய்கள் இறுகி அதை மேலே தள்ள வேண்டும், ஆள் திடீரென்று நீளும்போது அந்த வேலை கொஞ்சம் பின்தங்கும், இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். பெரியவர்களுக்கு 30 ஏறினாலே கவனிப்பார்கள், 12 முதல் 19 வயதில் அந்தக் கோடு 40. அதுவும் பத்து நிமிஷத்துக்குள் ஏறி, தலைசுற்றலும் மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் நோய் என்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறானா என்று கேட்டார். ஆமாம், தினமும். இப்போது இரண்டு டம்ளர் தண்ணீரும் மொஹிங்காவோ இட்லியோ சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான், நிற்கும்போது கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடுகிறான். கண் இருட்டுவது வாரத்துக்கு ஒரு தடவை ஆகியிருக்கிறது.

மகளின் நோட்டு பரீட்சையோடு முடியவில்லை. கடைசிப் பரீட்சைக்கு மறுநாள் 87, பத்து மணி நேரம் தூங்கியும். ஆறாம் நாள் 79. ஒரே ராத்திரியில் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை, இரண்டு மாதத் தூக்கக் கடனை உடம்பு மெதுவாகத்தான் அடைத்தது. தண்ணீர்த் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் அவளே எண்ணி, அவள் கையெழுத்தில் எழுதிய வரி: எட்டரை மணி நேரம், 71.