நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்: ஒரு ‘ஹேட்’ தின்ற என் மார்க்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மார்க் கழியும். தயாரிப்பின் முதல் வருடத்தில் மாதிரித் தேர்வுகளில் எனக்குத் தொடர்ந்து அடி விழுந்த இடம், பிழை கண்டுபிடிக்கும் கேள்வி. வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டி, எதில் பிழை என்று கேட்பார்கள். நான்காவது விருப்பம் ‘பிழை இல்லை’. நான் பெரும்பாலும் அந்த நான்காவதைத்தான் குத்திக்கொண்டிருந்தேன். காரணம் எளிது, அந்த வாக்கியங்கள் என் காதுக்குச் சரியாகவே ஒலித்தன. என் காது தமிழ்க் காது.

ஒரு உதாரணம். “எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை.” இதில் என்ன தப்பு என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. நாம் தமிழில் “நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்” என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, யாரும் “அப்புறம் என்ன?” என்று காத்திருப்பதில்லை. அந்த ‘இருந்தேன்’தான் நம்மை ‘ஹேட்’ பக்கம் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் அது ஒற்றையாக நிற்காது. ‘ஹேட்’ என்று ஆரம்பித்தால், கடந்த காலத்தில் இன்னொரு புள்ளி இருக்க வேண்டும், அந்தப் புள்ளிக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு புள்ளி இல்லையென்றால் வெறும் “எஸ்டர்டே ஐ வென்ட் டு மதுரை” போதும்.

இதை எனக்குப் புரிய வைத்தது அறையில் கூடத் தங்கியிருந்த ஒரு அண்ணன். நான் ஒரு தேர்வைத் தவறவிட்டு வந்த அன்று சாயங்காலம், ஆறுதல் சொல்வதற்குப் பதில் அவர் கேட்டது: “தம்பி, நடந்ததை வரிசையா இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்.” கோபம் வந்தது, ஆனாலும் சொன்னேன். ராத்திரி கரண்ட் போனது. போன் சார்ஜ் இறங்கி அணைந்தது. அலாரம் அடிக்கவில்லை. தாமதமாக எழுந்தேன். பஸ்ஸை விட்டேன். 9.35-க்குத் தேர்வு மையத்துக்குப் போனேன். “இதுல எங்கேயாவது ஹேட் வேணுமா?” என்றார். வேண்டாம். நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் எல்லாமே சாதாரண இறந்த காலம்தான். வென்ட், டைட், வோக், மிஸ்ட், ரீச்ட்.

“இப்போ கேட்ல நின்னு ஆரம்பி” என்றார். அங்கேதான் விஷயம் இருந்தது. “ஐ ரீச்ட் த கேட் அட் 9.35.” இது கதை நிற்கும் இடம். இனி பின்னால் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் ஹேட் வருகிறது. “தே ஹேட் க்ளோஸ்ட் இட் அட் 9.30. ஐ ஹேட் மிஸ்ட் த ஃபர்ஸ்ட் பஸ். மை ஃபோன் ஹேட் டைட் இன் த நைட்.” அதாவது had + V3 என்பது ‘ரொம்பப் பழைய இறந்த காலம்’ அல்ல. கதையின் வரிசையை உடைத்துப் பின்னோக்கிப் போகிறேன் என்று கேட்பவருக்குக் காட்டும் கை. நூறு வருடம் முந்தைய சம்பவமானாலும் வரிசையாகச் சொன்னால் ஹேட் தேவையில்லை. ஐந்து நிமிடம் முந்தையதானாலும் வரிசை மாறினால் தேவை.

பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். “வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் லெஃப்ட்” என்றால், நான் போய்ச் சேர்ந்ததும் பஸ் கிளம்பியது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடி நான் கையை ஆட்டியிருப்பேன். “த பஸ் ஹேட் லெஃப்ட்” என்றால், நான் போனபோது அங்கே பஸ்ஸே இல்லை. டீக்கடைக்காரர் “இப்பத்தான் போச்சு” என்று சொல்லித்தான் தெரியும். இரண்டுமே இலக்கணப்படி சரி, பொருள்தான் வேறு. தேர்வில் “ஆல்ரெடி”, “பை த டைம்” மாதிரி ஒரு சொல்லை வைத்து எந்தப் பொருள் என்று காட்டிவிடுவார்கள். அந்தச் சொல்லைத்தான் முதலில் தேட வேண்டும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ இருந்தால் வரிசை அவற்றிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே ஹேட் இல்லாமல் இருந்தாலும் பிழை என்று பாயக் கூடாது. இதில் நான் இரண்டு மூன்று முறை அரை மார்க்கைத் தாரைவார்த்திருக்கிறேன்.

அடுத்தது இதற்கு நேரெதிரான சிக்கல். ஊருக்குப் போனால் யாராவது கேட்பார்கள், “எவ்வளவு நாளா படிக்கிறே?” “ரெண்டு வருஷமா படிக்கிறேன்.” தமிழில் ‘படிக்கிறேன்’ என்ற நிகழ்காலமே அந்த இரண்டு வருடத்தையும் சுமந்துகொள்கிறது. அதை அப்படியே மாற்றி “ஐ ஆம் ப்ரிபேரிங் சின்ஸ் டூ இயர்ஸ்” என்போம். இதில் பிழை ஒன்றல்ல, இரண்டு. ‘ஆம்’ என்பது இந்த நேரத்தை மட்டும் காட்டும், பின்னால் இரண்டு வருடத்துக்கு நீளாது. அங்கே தொடங்கி இன்னும் ஓயாத முயற்சிக்கு have/has been + V-ing வேண்டும். “ஐ ஹேவ் பீன் ப்ரிபேரிங்.” அடுத்த பிழை ‘சின்ஸ்’.

ஃபார், சின்ஸ் குழப்பத்துக்குத் தமிழே உதவுகிறது, ஏனோ வகுப்பில் யாரும் இதைச் சொல்லவில்லை. தமிழில் ‘ஆக’ ஒட்டினால் ஃபார்: இரண்டு வருடமாக, மூன்று மணி நேரமாக. ‘இருந்து’ ஒட்டினால் சின்ஸ்: 2021-லிருந்து, காலையிலிருந்து, கல்லூரி முடிந்ததிலிருந்து. ஒன்று நீளம், மற்றது தொடங்கிய புள்ளி. வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லி, எது ஒட்டுகிறது என்று பார்த்தால் போதும். “ஷி இஸ் வொர்க்கிங் / இன் திஸ் பேங்க் / சின்ஸ் 2019” என்று வந்தால், 2019-லிருந்து. அப்போது சின்ஸ் சரி, பிழை முதல் துண்டில். “ஷி ஹேஸ் பீன் வொர்க்கிங் / இன் திஸ் பேங்க் / சின்ஸ் ஃபோர் இயர்ஸ்” என்றால், நான்கு வருடமாக. முதல் துண்டு சரி, பிழை கடைசியில்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கை வந்துவிட்டால் இந்த -இங் விலகிக்கொள்ளும். சாயங்காலம் முழுக்க மாதிரித் தேர்வு எழுதிக் கை வலிக்கிறது என்றால் “ஐ ஹேவ் பீன் ரைட்டிங் மாக் டெஸ்ட்ஸ்.” எத்தனை எழுதினாய் என்று கேட்டால் “ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ.” உழைப்பைச் சொன்னால் ஒன்று, கணக்கைச் சொன்னால் மற்றது. அப்புறம் ‘நோ’, ‘பிலீவ்’, ‘பிலாங்’ மாதிரியான வினைகள். தெரிந்திருப்பது முயற்சியல்ல, நிலை. அதனால் அந்த அண்ணனை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும் என்பதை “ஐ ஹேவ் பீன் நோயிங்” என்று எழுத முடியாது, “ஐ ஹேவ் நோன் ஹிம்”தான்.

இரண்டு கதையும் கைகோக்கும் ஒரு வாக்கியமும் உண்டு. வேலைக்கான ஆணை கையில் வந்த நாளை இன்று சொல்ல வேண்டுமானால், ‘ஹேவ் பீன்’ உதவாது. அந்த முயற்சி அன்றோடு நின்றுவிட்டது. புள்ளி கடந்த காலத்துக்குப் போய்விட்டதால் ‘ஹேவ்’ ‘ஹேட்’ ஆகிறது: “வென் த ஆர்டர் கேம், ஐ ஹேட் பீன் ப்ரிபேரிங் ஃபார் த்ரீ இயர்ஸ்.” அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். “ஃபார் சரியா போட்டியா?” என்றுதான் முதலில் கேட்டார்.