ஐந்து கட்டம் போட்ட நோட்டு

ஆடித் தள்ளுபடி துணிக்கடையோடு சரி என்று நினைத்திருந்தேன். சேலத்தில் எங்கள் வீட்டருகே உள்ள பல்பொருள் அங்காடியில் கடலை எண்ணெய்க்கும் ஆடி பிறந்திருந்தது. 220 ரூபாயின் மேல் சிவப்புக் கோடு, கீழே கொட்டை எழுத்தில் 178.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தேதி, கடை, பொருளின் அளவு, கொடுத்த விலை, 100 கிராமுக்கு எவ்வளவு என்று அதில் ஐந்து கட்டங்கள். கோடு போட்டு அடித்த விலையை நான் எழுதுவதே இல்லை. அது பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலை. அந்த விலைக்கு யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

ஆனி மாதம் செவ்வாய்ப்பேட்டையில் இதே எண்ணெய் ஒரு லிட்டர் 182 ரூபாய். அப்படியானால் இப்போது நான்கு ரூபாய் லாபமா? பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் 850 கிராம் என்றிருந்தது. கடலை எண்ணெய் தண்ணீரைவிட லேசு; ஒரு லிட்டர் நிறுத்தால் ஏறக்குறைய 910 கிராம் வரும். செவ்வாய்ப்பேட்டையில் 100 கிராம் 20 ரூபாய்க்குக் கிடைத்தது. இங்கே தள்ளுபடி போக ஏறத்தாழ 21!

தரையில் குந்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு நாற்காலி வந்தது. பின்னாலேயே மேலாளரும் வந்தார்.

"சார், எங்கள் தராசெல்லாம் இந்த வருடம் முத்திரை வைத்ததுதான்."

என்னை முத்திரை ஆய்வாளர் என்று நினைத்துவிட்டார். தேநீரும் வந்தது. குடித்து முடித்த பிறகுதான் உண்மையைச் சொன்னேன். நாற்காலி உடனே போய்விட்டது.

வெளியேறும் வழியில், பலகை எதுவும் இல்லாத ஒரு மூலையில் துவரம் பருப்பு கிலோ 132 ரூபாய். மாசியிலிருந்து நோட்டில் ஆறு பதிவுகள். எதுவும் 150-க்குக் கீழே இறங்கியதில்லை. நிஜமான தள்ளுபடி! வீட்டில் நாங்கள் இருவர்தான் என்பதை மறந்து ஆறு கிலோ வாங்கினேன்.

"என்னங்க, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் மனைவி. நோட்டைக் காட்டி விளக்கினேன். மறுபேச்சு இல்லை.

புரட்டாசியில் டப்பாவைத் திறந்தவள் என்னைக் கூப்பிடவில்லை. காலி உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பொட்டலமிட்ட தேதி, நான் வாங்கியதற்கு எட்டு மாதம் முந்தையது. நோட்டில் அதற்குக் கட்டமே இல்லையே!

இப்போது இருக்கிறது. ஆறாவது கட்டம், அவள் கையெழுத்தில். துவரம் பருப்புக்கு நேராக "வண்டு இலவசம்" என்றும் எழுதி வைத்திருக்கிறாள்.